கடைசி வரிசையில் ஓர் இடம்

ஜனாஸா தொழுகையில் ருகூ இல்லை, சுஜூது இல்லை. பாங்கும் இகாமத்தும் கிடையாது. நின்ற நிலையிலேயே நான்கு தக்பீர், பிறகு ஸலாம். அவ்வளவுதான். இமாம் முதல் தக்பீர் சொன்னதிலிருந்து சந்தூக்கைத் தூக்கும்வரை பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை. இத்தனை சிறிய தொழுகையில்தான், நாள் தவறாமல் ஐந்து வேளை தொழுகிறவர்களே தடுமாறுவதைப் பார்க்கிறோம். இரண்டாவது தக்பீர் காதில் விழுந்ததும் பழக்க தோஷத்தில் ஒருவர் குனிந்துவிடுகிறார். இன்னொருவர் நான்காவது தக்பீர் முடிந்த கையோடு ஸலாம் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் யாருமே தலையைத் திருப்பவில்லையே என்று திகைக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், பாதியில் போய்ச் சேரலாமா கூடாதா என்று தெரியாமல், கழற்றிய இடத்திலேயே நின்றுவிடுகிறார்.

மௌத்துச் செய்தி கேட்டு வருகிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். பேருந்து பிடித்து, வழி கேட்டு, கடைசி நேரத்தில் வந்து சேருவார்கள். ஊரும் வேறு, மத்ஹபும் வேறு, சில வேளை மதமும் வேறாக இருக்கும். ஜனாஸா தொழுகையில் நிற்கும் இடம் பற்றிய விதிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவானது ஒன்று. இந்த விதிகள் பிந்தி வருகிறவரை நினைவில் வைத்தே அமைந்திருக்கின்றன. தினசரித் தொழுகையில் முந்தி வந்தவருக்குக் கிடைக்கும் சிறப்பு, இங்கே பின்னால் நிற்பவருக்குக் கைநழுவிப் போவதில்லை.

தமிழ் முஸ்லிம்களிடம் இந்தக் கேள்வி கூடுதல் சிக்கலோடு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹப். உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி. இலங்கை முஸ்லிம்கள் மிகப் பெரும்பாலும் ஷாஃபிஈ. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போனால் மக்காவிலும் மதீனாவிலும் ஹன்பலி முறையில் தொழவைக்கிறார்கள். ஒரே மனிதர் தம் வாழ்நாளில் இந்த மூன்று முறைகளுக்குப் பின்னாலும் நின்று தொழ நேரிடுகிறது.

முதலில் தொழுகையின் உருவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒளு, கிப்லாவை நோக்குவது, உடையும் இடமும் சுத்தமாயிருப்பது, நிய்யத் ஆகியவை மற்றத் தொழுகைகளைப் போலவே வேண்டும். முதல் தக்பீருக்குப் பிறகு ஷாஃபிஈ முறையில் அல்ஹம்து சூரா ஓதுவார்கள். ஹனஃபி முறையில் ஸனா ஓதுவார்கள். இரண்டாவது தக்பீருக்குப் பிறகு நபி மீது ஸலவாத். மூன்றாவதற்குப் பிறகு மையித்துக்காக துஆ. நான்காவதற்குப் பிறகு ஹனஃபி முறையில் உடனே ஸலாம். ஷாஃபிஈ முறையில் சற்று நின்று ஒரு சிறிய துஆ ஓதிவிட்டு ஸலாம். தக்பீரையும் ஸலாமையும் தவிர இமாமின் குரல் வெளியே கேட்காது. மற்றதெல்லாம் மனதுக்குள், நாவுக்குள் நடப்பது. பின்னால் வந்து சேருகிறவருக்கு இமாம் எந்தத் தக்பீரில் இருக்கிறார் என்று தெரியாமல் போவது இதனால்தான். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இந்தத் தொழுகையின் உயிர் மூன்றாவது தக்பீருக்குப் பின் வரும் துஆவில் இருக்கிறது. நீண்ட அரபு துஆக்கள் மனப்பாடம் இல்லாதவர் அதை நினைத்தே ஒதுங்கி நிற்பதுண்டு. ஒதுங்க வேண்டியதில்லை. ஷாஃபிஈ நூல்களின்படி, மையித்தைக் குறிப்பிட்டு அல்லாஹ்வே இவரை மன்னித்துவிடு என்ற பொருளில் ‘அல்லாஹும்மஃக்ஃபிர் லஹு’ என்று சொன்னாலே அந்தக் கடமை நிறைவேறிவிடும். பெண் என்றால் ‘லஹா’. மையித்து ஆணா பெண்ணா என்பதே தெரியாவிட்டால்? இமாம் யாருக்குத் தொழவைக்கிறாரோ அவருக்கு நானும் தொழுகிறேன் என்ற நிய்யத் போதும். பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இனி, நிற்கும் இடம். சந்தூக்கு இமாமுக்கு முன்னால், கிப்லாப் பக்கம் இருக்கும். ஹனஃபி முறையில் மையித்தின் தலை இமாமின் வலப்பக்கம் வரும். மேற்கு நோக்கித் தொழும் நம் ஊர்களில் அது வடக்கு. இமாம் உடலின் எந்தப் பகுதிக்கு நேராக நிற்பது என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹனஃபி இமாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நெஞ்சுக்கு நேராக நிற்பார். ஷாஃபிஈ இமாம் ஆணின் தலைக்கு நேராகவும் பெண்ணின் நடுப்பகுதிக்கு நேராகவும் நிற்பார். மகப்பேற்றுத் தீட்டில் இறந்துபோன ஒரு பெண்ணுக்கு நபி தொழவைத்தபோது அவளுடைய நடுப்பகுதிக்கு நேராக நின்றார் என்று, பின்னால் நின்று தொழுத ஸமுரா இப்னு ஜுன்துப் அறிவித்திருக்கிறார். ஆணுக்குத் தலைக்கு நேராக நின்றதை அனஸ் அறிவிக்கிறார். விருந்தாளிக்கு இதிலிருந்து ஒரு பயன் கிடைக்கிறது. ஷாஃபிஈ ஊரில் இமாம் சந்தூக்கின் ஓரத்தில் நிற்கிறாரா, நடுவில் நிற்கிறாரா என்று பார்த்தாலே ‘லஹு’வா ‘லஹா’வா என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளலாம்.

இமாமுக்குப் பின்னால் ஜமாஅத் எப்படி நிற்பது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒரு சிறு வீட்டுக்குள் நடந்த தொழுகை. அபூ தல்ஹா, உம்மு ஸுலைம் தம்பதியின் மகன் உமைர் சிறு வயதில் இறந்துவிட்டான். தந்தை ஆளனுப்பி நபியை அழைத்தார். நபி அந்த வீட்டிலேயே தொழவைத்தார். முன்னால் நபி, அவருக்குப் பின்னால் அபூ தல்ஹா, அவருக்கும் பின்னால் உம்மு ஸுலைம். வேறு யாருமே இல்லை என்கிறது அறிவிப்பு. மற்றத் தொழுகைகளில் இமாமோடு ஒரே ஓர் ஆண் இருந்தால் அவர் இமாமின் வலப்பக்கத்தில் ஒட்டி நிற்பார். இங்கே தந்தை பக்கத்தில் நிற்கவில்லை, பின்னால் நின்றார். மூன்று பேர், மூன்று வரிசை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அந்தத் தொழுகையில் ஒரு வரிசையாக நின்றிருக்கிறாள்.

வரிசைகளைக் குறைந்தது மூன்றாக்குவது விரும்பத்தக்கது என்பதில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் ஒத்துப்போகிறார்கள். நபித்தோழர் மாலிக் இப்னு ஹுபைரா, ஜனாஸாவுக்கு வந்தவர்கள் குறைவாக இருந்தால் அவர்களை மூன்று வரிசைகளாகப் பிரித்து நிறுத்துவார். மூன்று வரிசையினர் தொழுதால் மையித்துக்குக் கிடைக்கும் நற்பேறு பற்றி நபி சொன்னதை அவர் கேட்டிருந்தார். ஹனஃபி நூல்கள் இதற்கு எண்ணிக்கையோடு ஒரு கணக்கே போட்டுக் காட்டுகின்றன. மொத்தம் ஏழு பேர் இருந்தால் ஒருவர் இமாம், அவருக்குப் பின்னால் மூவர், அவர்களுக்குப் பின்னால் இருவர், கடைசியில் ஒருவர். தினசரித் தொழுகையில் முன்வரிசையில் இடமிருக்க, பின்னால் ஒருவர் தனியே நிற்பது வெறுக்கப்பட்ட செயல். இங்கே அந்தத் தனி ஆளை வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள்.

சிறப்பு எந்த வரிசைக்கு என்ற கேள்விக்கும் விடை மாறிப்போகிறது. தினசரித் தொழுகையில் முதல் வரிசைதான் மேல். ஜனாஸாவில் கடைசி வரிசையே சிறந்தது என்கிறார்கள் ஹனஃபி அறிஞர்கள். மூன்று வரிசைகளும் சிறப்பில் சமம் என்கிறார்கள் ஷாஃபிஈகள். எல்லோரும் முன்வரிசைக்கு முண்டியடித்தால் வரிசை எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதே இருவருடைய கருத்துக்கும் அடிப்படை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, பிந்தி வந்துவிட்டோமே, தோள்களை விலக்கிக்கொண்டு முன்னால் போகலாமா என்ற தவிப்புக்கு வேலையில்லை. ஆகப் பின்னால் வந்து நின்றவர், வரிசையின் கணக்கை நிறைவு செய்தவராகிறார்.

சுஜூது இல்லாததால் வரிசைகளுக்கிடையே தலை வைக்க இடம் விடத் தேவையில்லை. நெருக்கமாகவே நிற்கலாம். சிறிய முற்றத்தில் நூறு பேர் நிற்க முடிவது அதனால்தான். வெட்டவெளியில் தொழும்போது செருப்பு ஒரு பிரச்சினையாகும். தரை சுத்தமா என்று ஐயம் இருந்தால் பலர் செருப்பைக் கழற்றி, அதன் மேலேயே ஏறி நின்றுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஹனஃபி நூல்களின்படி அது செல்லும். அடிப்பாகம் அசுத்தமாக இருந்தாலும் கால் படும் மேற்பாகம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவே. செருப்பைக் காலில் மாட்டியபடியே நின்றால் அடிப்பாகமும் சேர்த்துச் சுத்தமாக இருந்தாக வேண்டும்.

தொழுகை பள்ளிவாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பது ஊருக்கு ஊர் மாறுவதையும் விருந்தாளி கவனிப்பார். ஷாஃபிஈகள் மையித்தைப் பள்ளிக்குள் வைத்துத் தொழுவதை விரும்புகிறார்கள். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் இறந்தபோது, தாங்களும் தொழ வேண்டும் என்று நபியின் மனைவியர் ஜனாஸாவைப் பள்ளிக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். அதைச் சிலர் குறை பேசினார்கள். பைளாவின் மகன் ஸுஹைலுக்கு நபி பள்ளிக்குள்ளேயே தொழவைத்ததை மக்கள் இத்தனை சீக்கிரம் மறந்துவிட்டார்களே என்று ஆயிஷா கேட்டார். ஹனஃபி, மாலிகி அறிஞர்கள் காரணமில்லாமல் உள்ளே வைப்பதை விரும்புவதில்லை. நபி வழக்கமாக வெளித் திடலில்தான் தொழவைத்தார் என்பது அவர்கள் வாதம். உள்நாட்டுத் தமிழ் ஊர்களில் சந்தூக்கு பள்ளியின் முற்றத்திலோ முன்புறத் திடலிலோ இருப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது அந்தப் பிந்தி வந்தவர். ஓர் ஊரை வைத்தே சொல்கிறேன். திருச்சிப் பக்கத்து ஹனஃபிக்காரர் ஒருவர், தம் நண்பரின் தந்தை மௌத்தாகிவிட்டார் என்று கேட்டுக் கீழக்கரைக்கு வருகிறார். அங்கே ஷாஃபிஈ முறை. லுஹர் தொழுகை முடிந்து ஜனாஸா தொடங்கிவிட்டது. இவர் வாசலில் கால் வைக்கும்போது இரண்டாவது தக்பீர் முடிந்து எல்லோரும் ஸலவாத் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். இது இரண்டாவதா மூன்றாவதா என்று இவருக்குத் தெரியாது.

முதல் கவலை ஒளு. ஹவுளுக்குப் போய் ஒளுச் செய்து வருவதற்குள் தொழுகை முடிந்துவிடும் என்ற நிலை. ஜனாஸா தவறிப்போய்விடும் என்று அஞ்சுகிறவர், தண்ணீர் பக்கத்திலேயே இருந்தாலும் தயம்மும் செய்துகொண்டு சேரலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் சலுகை. ஷாஃபிஈ மத்ஹபில் அந்தச் சலுகை கிடையாது. அதே நிலையில் வரும் ஷாஃபிஈக்காரர் ஒளுச் செய்துவிட்டுத்தான் வர வேண்டும். அதனால் அவருக்கு முழு நட்டம் வந்துவிடாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒளுவோடு வந்ததாகவே வைத்துக்கொள்வோம். அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்கிறார். ஹனஃபி மத்ஹபில் அபூ ஹனீஃபாவும் முஹம்மதும் சொல்வது: இரண்டு தக்பீர்களுக்கு இடையில் வந்தவர் தாமாகத் தொடங்கக் கூடாது, இமாமின் அடுத்த தக்பீர்வரை காத்திருந்து, அவரோடு சேர்ந்து சொல்ல வேண்டும். நம் விருந்தாளி அப்படியே காத்திருக்கிறார். இமாமின் மூன்றாவது தக்பீர், இவருடைய முதல் தக்பீர் ஆகிறது. இமாமின் நான்காவது, இவருடைய இரண்டாவது. இமாம் ஸலாம் கொடுக்கிறார். இவர் கொடுக்கவில்லை. நின்றபடியே மீதி இரண்டு தக்பீர்களைச் சொல்லிவிட்டு ஸலாம் கொடுக்கிறார். சந்தூக்கைத் தூக்கிவிடுவார்கள் என்று தோன்றினால் இடையில் எதுவும் ஓதாமல் அடுத்தடுத்துத் தக்பீரை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளலாம்.

இதே நேரத்தில் இவர் பக்கத்தில் ஒரு ஷாஃபிஈக்காரரும் வந்து நின்றிருந்தால் அவருடைய வழி வேறு. அவர் காத்திருக்க மாட்டார். வந்ததும் கையை உயர்த்தித் தக்பீர் சொல்லி, அல்ஹம்து சூராவைத் தொடங்கிவிடுவார். இமாம் எங்கே இருக்கிறார் என்பது பற்றிக் கவலையில்லை, அவர் தம்முடைய தொழுகையின் வரிசையில் போவார். பாதி ஓதும்போது இமாமின் மூன்றாவது தக்பீர் கேட்கிறது. சூராவை அங்கேயே விட்டுவிட்டு அவரும் தக்பீர் சொல்ல வேண்டும். விடுபட்ட பகுதியை இமாம் சுமந்துகொள்வதாகச் சட்டம். இது அவருக்கு இரண்டாவது தக்பீர், ஆகவே ஸலவாத். இமாமின் நான்காவது அவருக்கு மூன்றாவது, ஆகவே மையித்துக்கான துஆ. இமாம் ஸலாம் கொடுத்த பின் அவருக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு தக்பீர்.

ஒரே நொடியில் வந்து அருகருகே நின்ற இருவரில் ஒருவருக்கு இரண்டு மிச்சம், மற்றவருக்கு ஒன்று மிச்சம். இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டுக்கும் அடியில் ஒரே கணக்குத்தான் இருக்கிறது, நான் முன்பு சொன்ன எளிய வழியும் அதுதான். இமாம் எத்தனையாவது தக்பீரில் இருக்கிறார் என்று தேடாதீர்கள். உங்கள் வாயால் நீங்கள் சொன்ன தக்பீரை மட்டும் விரல் மடக்கி எண்ணுங்கள். இமாம் ஸலாம் கொடுக்கும்போது அது எத்தனையோ, அதை நான்காக்கிவிட்டு நீங்கள் ஸலாம் கொடுங்கள். எவ்வளவு தவறவிட்டோம் என்று பக்கத்து ஆளைக் கேட்க வேண்டிய தேவையே வராது.

நான்காவது தக்பீரும் முடிந்த பிறகு வந்தால்? ஸலாம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்றால் ஷாஃபிஈ முறையில் சேரலாம். ஹனஃபி மத்ஹபில் அபூ ஹனீஃபாவின் கருத்துப்படி தொழுகை தவறிவிட்டது. அபூ யூசுஃபின் கருத்துப்படி சேரலாம். பின்வந்த ஹனஃபி அறிஞர்கள் இந்த இடத்தில் அபூ யூசுஃபின் பக்கமே சாய்ந்திருக்கிறார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பாத கருத்து அது.

பிந்தி வந்தவர் தொழுது முடிக்கும்வரை சந்தூக்கைத் தூக்காமல் பொறுப்பது நல்லது என்று ஷாஃபிஈ நூல்கள் சொல்கின்றன. தூக்கிவிட்டாலும் அவர் தொழுகைக்குக் குறையில்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊர்களில் ஸலாம் கொடுத்த மறுகணமே சந்தூக்கை நோக்கிக் கூட்டம் பாய்கிறது. தோள் கொடுப்பது நன்மைதான். ஆனால் கடைசி வரிசையில் இருவர் இன்னும் கைகட்டி நின்று தக்பீரை நிறைவு செய்துகொண்டிருப்பார்கள். அவர்களை இடித்துக்கொண்டு ஓடுவதை நான் பல இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். அரை நிமிடம் பொறுத்தால் அவர்கள் முடித்துவிடுவார்கள்.

முழுத் தொழுகையும் கிடைத்த விருந்தாளிக்கும் மத்ஹப் வேறுபாட்டால் இரண்டு இடங்களில் சறுக்கும். ஷாஃபிஈ ஜமாஅத் ஒவ்வொரு தக்பீருக்கும் கையை உயர்த்தும். ஹனஃபிக்காரர் முதல் தக்பீருக்கு மட்டும் உயர்த்துவார்; மற்றவற்றில் கட்டிய கை கட்டியபடியே இருக்கலாம், பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து மாற்றத் தேவையில்லை. கை அசைவதைக் கண்டு ருகூ வருகிறது என்று குனிவதுதான் இங்கே நேரும் பிசகு. குனிந்துவிட்டால் பதறாமல் நிமிர்ந்து கொள்ளுங்கள். இரண்டாவது சறுக்கல் நான்காவது தக்பீருக்குப் பின் வரும் இடைவெளி. ஹனஃபி ஊரில் தக்பீரும் ஸலாமும் ஒட்டி வருவதால் நாக்கு தானாக ஸலாமுக்குப் போகும். ஷாஃபிஈ இமாம் அங்கே சற்று நின்று துஆ ஓதுவார். அவர் குரல் வரும்வரை காத்திருப்பது ஒன்றே செய்ய வேண்டியது. ஷாஃபிஈக்காரர் ஹனஃபி ஊருக்குப் போனால் இது தலைகீழாகும். அந்தக் கடைசித் துஆவுக்கு அவருக்கு நேரமே கிடைக்காது. அது சுன்னத்துதான், விடுபட்டால் தொழுகை கெடாது.

மக்காவில் மஸ்ஜிதுல் ஹராமுக்குப் போகிறவர் எல்லாக் காலத்திலும் விருந்தாளிதான். அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு ஃபர்ளுத் தொழுகைக்குப் பிறகும் ஜனாஸா உண்டு. இமாம் ஸலாம் கொடுத்த சிறிது நேரத்தில், இறந்தவர்களுக்கான தொழுகை என்று அரபியில் அறிவிப்பு வரும். குழந்தை இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வார்கள். நம் ஊர் யாத்திரிகர்கள் பலருக்கு இது புரிவதில்லை. ஃபர்ளு முடிந்ததும் சட்டென்று எழுந்து சுன்னத்துக்குத் தக்பீர் கட்டிவிடுவார்கள். ஜனாஸா கைவிட்டுப் போய்விடும். ஸலாம் கொடுத்த பின் சற்று உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தால் அறிவிப்பு தானாக வந்து சேரும். இருந்த இடத்திலேயே எழுந்து நின்றால் போதும், முன்னால் நகரத் தேவையில்லை. ஃபர்ளில் ரக்அத் தவறியவர் அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு பிந்தி வந்தவராக ஜனாஸாவில் சேரலாம். பெண்களும் அங்கே தங்கள் வரிசையில் நின்று இதைத் தொழுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறைகூட ஜனாஸா தொழுதிராத நம் தாய்மார்களுக்குப் பெரும்பாலும் முதல் ஜனாஸா தொழுகை மக்காவில்தான் அமைகிறது. ஹன்பலி முறையில் வலப்பக்கம் ஒரே ஸலாம். இரண்டாவது ஸலாமுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். இமாம் முடித்துவிட்டார், இடப்பக்கத்து ஸலாமை ஷாஃபிஈக்காரரும் ஹனஃபிக்காரரும் தாங்களாகவே சொல்லிக்கொள்ளலாம்.

முஸ்லிம் அல்லாத நண்பர் எங்கே நிற்பது என்பது இன்னும் பேசப்படாமலே இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு மௌத்துக்கு, இறந்தவரோடு நாற்பதாண்டுகள் ஒரே கடையில் வேலை பார்த்த ஒருவர் வந்திருந்தார். தொழுகை நேரம் முழுவதும் அவர் தெருவுக்கு எதிர்ப்புறம், டீக்கடை ஓரமாக வெயிலில் நின்றார். யாரும் போகச் சொல்லவில்லை. எங்கே நிற்கலாம் என்று யாரும் சொல்லவுமில்லை. அடக்கம் முடிந்து நான் கேட்டபோது, உள்ளே வந்தால் தப்பாகிவிடுமோ என்று பயந்தேன் தம்பி என்றார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியது எங்கள் வேலை.

தொழுகை என்ற வழிபாட்டில் அவருக்குப் பங்கு இல்லை. தக்பீர் கட்டி வரிசையில் நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நின்று மரியாதை செலுத்துவதற்குத் தடை எதுவும் இல்லை. அதற்கு நபியின் வாழ்விலேயே முன்னுதாரணம் உண்டு, அதுவும் எதிர்த் திசையிலிருந்து. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி எழுந்து நின்றார். அது யூதருடையது என்று சொன்னபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டார். பிற்காலத்தில் காதிஸிய்யாவில் ஸஹ்ல் இப்னு ஹுனைஃபும் கைஸ் இப்னு ஸஅதும் வேற்று மதத்தவர் ஜனாஸாவுக்கு எழுந்து நின்றார்கள். ஏன் நின்றீர்கள் என்று கேட்டவர்களுக்கு இந்த நிகழ்ச்சியைத்தான் பதிலாகச் சொன்னார்கள்.

ஆகவே நண்பருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே. தமிழ்நாட்டில் எல்லோரும் மேற்கு நோக்கி நிற்பார்கள். நீங்கள் கிழக்குப் பக்கம், கடைசி வரிசைக்கும் இரண்டு மூன்று அடி பின்னால் நில்லுங்கள். பிந்தி ஓடி வருகிறவர்கள் வரிசை கட்ட அந்த இடைவெளி வேண்டும். இமாமுக்கும் சந்தூக்குக்கும் நடுவே குறுக்கே போகாதீர்கள். தொழுகை முற்றத்தில் நடந்தால் அங்கேயே நிற்கலாம். பள்ளிக்குள் என்றால் மோதினாரிடமோ வீட்டாரில் ஒருவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றுங்கள், ஃபோனை அணைத்துவிடுங்கள், விரும்பினால் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். இருபுறமும் எல்லோரும் தலையைத் திருப்பினால் தொழுகை முடிந்தது என்று பொருள். மையவாடிக்கு நடக்கும்போது சந்தூக்குக்குப் பின்னால் நடப்பது ஹனஃபி வழக்கம், முன்னால் நடப்பது ஷாஃபிஈகளுக்கு உகந்தது. உங்களுக்குப் பின்னால் நடப்பதே வசதி. மண் போடும் நேரத்தில் பல ஊர்களில் உங்களையும் கூப்பிடுவார்கள்.

தொழுகைக்கு முன் இமாமோ வீட்டாரில் ஒருவரோ ஜமாஅத்தைப் பார்த்துப் பேசுவது நம் ஊர் வழக்கம். மௌத்தானவர் யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மனம் நோகச் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்பார்கள். கடன் வைத்து இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபி தயங்கி, அபூ கதாதா அதை ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார் என்பது இதன் பின்னணி. அந்த ஒரு நிமிடத்தில், தொழாதவர்கள் நிற்கப் பின்னால் இடம் இருக்கிறது என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லும்படி எங்கள் பள்ளியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

வருகிற ஒவ்வொருவரும் கணக்கில் வருகிறார்கள் என்பதற்கு இப்னு அப்பாஸ் நடந்துகொண்ட விதம் ஒரு சாட்சி. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே குதைதிலோ உஸ்ஃபானிலோ அவர் மகன் இறந்துவிட்டார். தொழுகைக்கு எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று பார்த்து வரும்படி தம்மோடு இருந்த குரைபிடம் சொன்னார். அவர் போய்ப் பார்த்து, கூடியிருக்கிறார்கள் என்று சொன்னதும், நாற்பது பேர் இருப்பார்களா என்று கேட்டார். ஆம் என்ற பிறகே ஜனாஸாவை வெளியே கொண்டுவரச் சொன்னார். இறைவனுக்கு எதையும் இணைவைக்காத 40 பேர் ஒரு மையித்துக்காக நின்று வேண்டினால் அந்த வேண்டுதல் ஏற்கப்படும் என்று நபி சொல்ல அவர் கேட்டிருந்தார். அந்த 40இல் யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்று அவர் கேட்கவில்லை.

முழுவதும் தவறிப்போனவருக்கு வருகிறேன். ஒளுச் செய்துவிட்டு வந்து பார்த்தால் சந்தூக்கு கிளம்பிவிட்டது. ஷாஃபிஈ முறையில், தவறவிட்டவர்கள் சேர்ந்து மறுபடியும் ஒரு ஜமாஅத்தாகத் தொழலாம். அடக்கம் முடிந்திருந்தால் கபருக்கு முன்னால் நின்றும் தொழலாம். ஹனஃபி முறையில் உரிமையுள்ள வலியே தவறவிட்டிருந்தால் ஒழிய மறுதொழுகை இல்லை. தொழாமல் அடக்கப்பட்டிருந்தால் மட்டும் கபரில் தொழுவார்கள். ஹனஃபி விருந்தாளி அப்போது மையவாடிவரை போய் துஆச் செய்துவிட்டுத் திரும்பலாம்.

கபரில் தொழுவதற்கு ஷாஃபிஈகள் காட்டும் சான்று, மதீனாப் பள்ளியைப் பெருக்கிக் கொண்டிருந்த ஒருவரைப் பற்றியது. பெண் என்று சொல்லும் அறிவிப்பும் உண்டு. சில நாள் கண்ணில் படாததால் நபி விசாரித்தார். இறந்துவிட்டார் என்றார்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். அவருடைய மரணத்தை ஒரு பொருட்டாக அவர்கள் எண்ணியிருக்கவில்லை. கபரைக் காட்டுங்கள் என்றார். காட்டினார்கள். அங்கே போய் நின்று தொழுதார்.